குறுந்தொகை 40-இல் மலையே இல்லை, பிறகு எப்படிக் குறிஞ்சித் திணை?

தேர்வுக்காரன் | 06-07-2024, இரவு 9.12

ஐந்திணை அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டேன். குறிஞ்சி என்றால் மலை, குறிஞ்சிப் பூ, தினை காத்தல், புணர்தல். முல்லை என்றால் காடு, முல்லைப் பூ, ஆநிரை மேய்த்தல், இருத்தல். மருதம் என்றால் வயல், மருதப் பூ, உழவு, ஊடல். நெய்தல் கடற்கரை, நெய்தல் பூ, மீனும் உப்பும், இரங்கல். பாலை வறண்ட நிலம், பாலைப் பூ, வழிப்பறி, பிரிதல்.

இதை வைத்துக்கொண்டு குறுந்தொகை 40-ஐ எடுத்தேன், "யாயும் ஞாயும் யாரா கியரோ". மொத்தம் ஐந்து அடி. மலை இல்லை, பூ இல்லை, தினை இல்லை, கிளி இல்லை, குறவர் இல்லை. மேலே மட்டும் "குறிஞ்சி" என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழை என்றுதான் நினைக்கிறேன். யாராவது மறுக்க முடியுமா?

தேயிலைத்தோட்டம் | 06-07-2024, இரவு 9.30

குறிஞ்சி பற்றிய கேள்வி என்பதால் சொல்கிறேன். 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும் நீலக்குறிஞ்சி. இரவிகுளத்தில் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்தது 2030. இப்போது மூணாறு வந்து ஏமாறாதீர்கள்.

தேர்வுக்காரன் | 06-07-2024, இரவு 9.34

சார், நான் சுற்றுலா கேட்கவில்லை.

புறவுப்பாதை | 06-07-2024, இரவு 10.05

தம்பி சந்தேகம் நியாயமானது. ஆனால் விடை வேறு. 40-இல் வரும் "செம்புலப் பெயனீர் போல" என்பதில், செம்புலப் பெயனீர் என்றால் செம்மண்ணில் பெய்த மழை. செம்மண் முல்லை நிலத்து மண். மழை என்றால் கார்காலம், அது முல்லையின் பொழுது. நிலமும் பொழுதும் முல்லை என்றால் பாட்டும் முல்லைதானே? பதிப்பாசிரியர் கவனிக்காமல் விட்டிருக்கிறார்.

ஓலைநறுக்கு | 06-07-2024, இரவு 11.48

அச்சுப் பிழையும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. இரண்டு பேரும் அட்டவணையை இடமிருந்து வலமாகப் படிக்கிறீர்கள். நிலம், பூ, தொழில் என்று வந்து கடைசியில் உணர்ச்சிக்குப் போகிறீர்கள். திணையைக் கண்டுபிடிக்க வலது ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று மூன்றைச் சொல்லி, பாடலுக்குள் வரும்போது இவை "முறைசிறந் தனவே" என்கிறது. முதலை விடக் கரு சிறந்தது, கருவை விட உரி சிறந்தது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது பூ, பறவை, மரம், தொழில், பறை, யாழ், தெய்வம் எல்லாம். உரி என்பது அந்த இரண்டு பேருக்கு நடுவே நடப்பது. மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் சிக்கல் இல்லை. முரண்பட்டால் உரி சொல்வதே முடிவு.

40-இல் என்ன நடக்கிறது? என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்தோம் என்று கேட்டுவிட்டு, "அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்று முடிக்கிறான். முன்பின் தெரியாத இருவர் கூடியபின் அவன் அவளிடம் சொல்வது. புணர்தல். அது போதும் குறிஞ்சிக்கு. மலையே வேண்டாம்.

புறவுப்பாதைக்கு: "போல" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அங்கே மழை பெய்யவில்லை. அது உவமை. உவமைக்குள் வரும் மண் அவர்கள் நிற்கும் மண் ஆகாது.

டீச்சரம்மா | 07-07-2024, காலை 6.20

இன்னொரு இடத்திலும் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். தொல்காப்பியம் நிலத்தைச் சொல்லும் வரிசை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல். உரிப்பொருளைச் சொல்லும் வரிசை புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நேர்க்கோடு போட்டால் முல்லைக்குப் புணர்தல் வந்துவிடும், குறிஞ்சிக்குப் பிரிதல் வந்துவிடும். பொருத்துக வினாவில் வருடா வருடம் இந்தத் தவறைப் பார்க்கலாம். நிலத்தின் பட்டியலில் நான்கு, உரியில் ஐந்து என்பதைக் கவனித்தாலே கோடு போடக் கை வராது.

ஓலைநறுக்கு | 07-07-2024, காலை 7.02

டீச்சர் சொன்னதும்தான் உறைத்தது, என் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எந்த உணர்ச்சி எந்தத் திணைக்கு என்று தொல்காப்பிய நூற்பா சோடி சேர்க்கவில்லை. ஐந்தையும் அவற்றின் நிமித்தத்தையும் சொல்லி "திணைக்கு உரிப்பொருளே" என்று விட்டுவிடுகிறது. புணர்தல் குறிஞ்சிக்கு, பிரிதல் பாலைக்கு என்று பிரித்துக் கொடுப்பது இளம்பூரணர் முதலான உரையாசிரியர்கள். பாடல்களோடு வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது என்பதால்தான் அது நிலைத்தது.

புறவுப்பாதை | 07-07-2024, காலை 8.15

உவமையில் வரும் நிலம் கணக்கில் வராது என்கிறீர்கள். அப்படியானால் குறுந்தொகை 290? "பெருநீர்க் கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லா குதுமே". இங்கேயும் "போல" இருக்கிறது. உவமையில் நீர், திணை நெய்தல். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பா?

ஓலைநறுக்கு | 07-07-2024, பிற்பகல் 1.40

நல்ல கேள்வி. ஆனால் 290 நெய்தல் ஆனது நீரால் என்று யார் சொன்னது? நீரைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். காமத்தைத் தாங்கிக்கொள் என்று சொல்கிறார்களே, அவர்களுக்கு அது என்னவென்று தெரியாதா, இல்லை அவ்வளவு வலிமை உள்ளவர்களா என்று கேட்கிறாள். காதலரைக் காணாவிட்டால் நான் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவேன் என்கிறாள். அழுகிறாள், அவ்வளவுதான். இரங்கல். நெய்தல் அதனால் வந்தது. நுரை அதற்குத் துணை நிற்கிறது. அந்தப் "பெருநீர்" கடலாக இல்லாமல் வெள்ளமாக இருந்தாலும் திணை மாறாது.

அந்த நுரையைக் கொஞ்சம் பாருங்கள். பாறையில் ஒரே மோதலில் நுரை முழுக்க உடைவதில்லை. ஒவ்வொரு மோதலுக்கும் கொஞ்சம் குறைகிறது. "மெல்ல மெல்ல" என்று அடுக்கியது அதற்கு. பாடியவரின் பெயரே கிடைக்காமல் இந்தத் தொடரை வைத்துக் கல்பொரு சிறுநுரையார் என்றார்கள். 40-க்கும் அதே கதை, செம்புலப்பெயனீரார்.

வன்னியாள் | 07-07-2024, இரவு 8.25

பாலைக்குப் பாலைப் பூ எண்டு போட்டிருக்கிறியள். எங்கட வன்னியில பாலை எண்டால் பெரிய காட்டு மரம். மஞ்சள் பழம் வரும், நல்ல இனிப்பு, கனக்கச் சாப்பிட்டால் பால் பிசின் மாதிரி உதட்டில ஒட்டும். மரம் இரும்பு மாதிரி. பாலைப்பழக் காலத்தில ரோட்டோரம் வச்சு விக்கிறவை. அந்தக் காடு வறண்ட காடுதான், ஆனால் பாலைவனம் இல்லை. இந்த மரமா அந்தப் பாலை?

புறவுப்பாதை | 07-07-2024, இரவு 9.00

அக்கா, அது உலக்கைப் பாலை. சங்கப் பாலை வெட்பாலைதான். வெள்ளைப் பூ, கொத்தாக வரும், கிள்ளினால் பால் வடியும்.

ஓலைநறுக்கு | 07-07-2024, இரவு 10.31

"தான்" போடும் அளவுக்கு உறுதி இல்லை. பால் வடியும் மரம் பலவற்றுக்குப் பாலை என்ற பெயர் உண்டு. உலக்கைப் பாலை, வெட்பாலை, ஏழிலைப் பாலை. மூன்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். வன்னியாள் சொல்லும் மரம் வறண்ட காட்டில் பச்சை மாறாமல் நிற்கும், அது அதன் பக்கத்து வாதம்.

ஆனால் அவர் சொன்ன இரண்டாவது விஷயம் முக்கியம். பாலை என்பது மணல்மேடு அல்ல. தொல்காப்பியம் நிலம் பிரிக்கும்போது நடுவில் உள்ள பாலையை ஒழித்துவிட்டு மற்ற நான்குக்குத்தான் நிலம் கொடுக்கிறது. பொழுது மட்டும் உண்டு, வேனிலும் நண்பகலும். சிலப்பதிகாரம் காடுகாண் காதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து, நல்லியல்பு இழந்து, "பாலை என்பதோர் படிவம் கொள்ளும்". மழைக்குப் பிறகு அதே காடு மறுபடியும் முல்லை.

தேர்வுக்காரன் | 08-07-2024, காலை 7.45

இவ்வளவுக்குப் பதில் ஒரு குறுக்குவழி கிடைத்தது. ஒற்றைப்படை எண் பாலை. 2, 8-இல் முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10-இன் மடங்கு நெய்தல். இதை வைத்தே எழுதிவிடலாமே!

டீச்சரம்மா | 08-07-2024, காலை 8.10

அது அகநானூற்றுக்கு மட்டும், தம்பி! தொகுத்தவர்கள் அப்படி அடுக்கியிருக்கிறார்கள். 400 பாட்டில் 200 பாலை, 80 குறிஞ்சி, மற்ற மூன்றுக்கும் நாற்பது நாற்பது. உங்கள் விதியைக் குறுந்தொகையில் போட்டால் உங்கள் 40-ஆம் பாட்டு நெய்தல் ஆகிவிடும். செம்மண் மழையில் மீன்பிடிக்கப் போக வேண்டியதுதான். ஐங்குறுநூற்றுக்கும் அடுக்கு உண்டு, ஆனால் வேறு மாதிரி: நூறு நூறாக ஒரு திணைக்கு ஒரு புலவர். மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார்.

தேர்வுக்காரன் | 08-07-2024, இரவு 9.50

சரி, விதியைக் கைவிட்டேன். வலமிருந்து இடமாகக் குறுந்தொகை 66-ஐப் போட்டுப் பார்த்தேன். "மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை". "கல்பிறங்கு அத்தம் சென்றோர்" என்று வருகிறது. அத்தம் என்றால் கரடுமுரடான காட்டுவழி, பாலைக்குரிய சொல். சென்றோர் என்றால் பிரிந்து போனவர். உணர்ச்சியும் பிரிதல், நிலமும் பாலை. ஆனால் புத்தகத்தில் முல்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

ஓலைநறுக்கு | 09-07-2024, அதிகாலை 12.20

பாதி தூரம் சரியாக வந்துவிட்டீர்கள். இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பேசுகிறவர் யார், இந்த நிமிடத்தில் என்ன செய்து கொண்டிருக்கிறார்?

பேசுவது தோழி. தலைவன் போய் நாளாகிவிட்டது. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனான். கொன்றை பூத்துத் தொங்குகிறது. அதைப் பார்த்துத் தலைவி கலங்குகிறாள், கார் வந்தும் ஆள் வரவில்லையே என்று. தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை மரங்கள் முட்டாள்கள். வந்தது வம்ப மாரி, பருவமில்லாத மழை. அதைப் போய்க் கார் என்று நினைத்துப் பூத்துத் தொலைத்தன.

"சென்றோர்" முடிந்துபோன வினை. பாலையாக இருந்தால் பிரிவு இப்போது நடக்க வேண்டும், இல்லை நடக்கப் போவதாகப் பேச்சு இருக்க வேண்டும், இல்லை அவன் வழியில் படும் பாடு கண்முன் வர வேண்டும். இங்கே நடப்பது காத்திருப்பு. அதுவும் தவணை குறித்த காத்திருப்பு. இருத்தல், முல்லை. அத்தம் அவன் போன திசையைச் சொல்ல வந்த சொல், அவ்வளவே.

இருத்தலுக்கும் இரங்கலுக்கும் குழப்பம் வந்தால் இந்தத் தவணையைத் தேடுங்கள். பருவம் குறித்துப் போனவனுக்காக ஆற்றியிருந்தால் பெரும்பாலும் முல்லை. 290 போலத் தவணையே இல்லாமல் கரைந்தால் நெய்தல். எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம்.

டீச்சரம்மா | 09-07-2024, காலை 6.30

66-க்குப் பக்கத்தில் 21-ஐ வைத்துப் படியுங்கள். அதே கொன்றை, அதே கார். ஆனால் பேசுவது தலைவி. "கானம் கார்எனக் கூறினும் யானோ தேறேன், அவர்பொய் வழங்கலரே." காடே வந்து கார்காலம் என்று சொன்னாலும் நம்ப மாட்டேன், அவர் பொய் சொல்லாதவர். ஒன்றில் மரம் முட்டாள், இன்னொன்றில் காடு பொய் சொல்கிறது. அவன் மட்டும் யோக்கியன்!

தேர்வுக்காரன் | 09-07-2024, காலை 9.05

உரி மட்டும் போதும் என்றால் பூ எதற்கு? அட்டவணையில் பூ, தொழில் இரண்டு பத்தியையும் கிழித்துவிடலாமா?

டீச்சரம்மா | 09-07-2024, மாலை 5.45

கிழிக்காதீர்கள். மருதப் பூவைத் தேடி மருதப் பாட்டுக்குள் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். தாமரையும் ஆம்பலும் வாளை மீனும்தான் கண்ணில் படும். குறிஞ்சித் திணையில் குறிஞ்சிப் பூவை விட வேங்கையும் காந்தளும் அதிகம். பூ திணைக்குப் பெயர் கொடுத்தது, அடையாளச் சான்று கொடுக்கவில்லை. ஆனால் கருப்பொருள் வேறு ஒரு வேலை செய்கிறது. வாயால் சொல்ல முடியாததை அதன் தலையில் ஏற்றிவிடுவார்கள்.

குறுந்தொகை 8-ஐப் பாருங்கள். வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக உதிரும் மாம்பழம். அதைக் குளத்து வாளை கவ்வுகிறது. அப்படிப்பட்ட ஊரைச் சேர்ந்தவன் என்கிறாள் பரத்தை. மீன் மரம் ஏறவில்லை, கல் எறியவில்லை. வாய்க்கு நேராகப் பழம் விழுந்தது. அதாவது, நான் அவனை இழுக்கவில்லை, அவனாக வந்தான். அடுத்த அடியில் இன்னும் காரம். என் வீட்டில் பெரிய வார்த்தை பேசிவிட்டு, தன் வீட்டில் மகனின் தாய் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி ஆடுகிறானாம். மாமரமும் வாளையும் இல்லாவிட்டால் அந்த முதல் குத்து இல்லை.

ஓலைநறுக்கு | 09-07-2024, இரவு 10.10

அதோடு தொழிலும் பொழுது காட்டும். தினை முற்றும்போது வேங்கை பூக்கும். வேங்கை பூத்தது என்று தோழி சொன்னால் தாவரவியல் பேசவில்லை. தினை அறுத்துவிடுவார்கள், காவல் முடிந்தது, இனி இவளை வீட்டுக்குள் வைப்பார்கள், சீக்கிரம் பெண் கேட்டு வா என்று அர்த்தம். தினைப்புனம் காப்பது அட்டவணையில் வெறும் "தொழில்". பாட்டில் அது இரண்டு பேர் சந்திக்கக் கிடைத்த சில வாரங்கள்.

தேர்வுக்காரன் | 10-07-2024, இரவு 8.30

ஒரு ஆட்சேபம் பாக்கி. 40-க்குக் கீழே உள்ள பழைய குறிப்பு, தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்ச, அதைப் பார்த்து அவன் சொன்னது என்கிறது. பிரிவச்சம் என்றால் பாலை ஆகாதா?

ஓலைநறுக்கு | 10-07-2024, இரவு 9.15

அவள் அஞ்சுகிறாள், அவன் அந்த அச்சத்தைத் துடைக்கிறான். பாட்டின் வாய் அவனுடையது, கடைசி வினை "கலந்தனவே". தவிர அந்தக் குறிப்பும் பாட்டின் உறுப்பு அல்ல, பின்னால் வந்தவர்கள் எழுதியது.

டீச்சரம்மா | 10-07-2024, இரவு 9.40

எனக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. குறிப்பைத் தள்ளினால் "இயற்கைப் புணர்ச்சிக்குப் பின்" என்ற சூழலும் சேர்ந்தே போய்விடும். அந்த ஐந்து அடிக்குள் கூடிவிட்டார்கள் என்று தெரிகிறது, எப்போது என்று தெரியவில்லை. குறிஞ்சி என்பதை மறுக்கவில்லை. ஆனால் குறிப்பை வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது விடக்கூடாது.

தேர்வுக்காரன் | 12-07-2024, இரவு 10.22

124, நானே போட்டேன். "உமணர் சேர்ந்து கழிந்த" என்று தொடங்குகிறது. உமணர் உப்பு வணிகர், ஆகவே நெய்தல் என்று எழுதிவிட்டு, அழித்துவிட்டேன். உப்பு வண்டிக்காரர்கள் தங்கிவிட்டுப் போன இடம், பாழடைந்த ஊர் போல ஓமை மரக் காடு. அந்தக் காடு கொடியது, வராதே என்கிறான் தலைவன். "இனியவோ பெரும, தமியோர்க்கு மனையே" என்கிறாள் தோழி: தனியாக விடப்பட்டவர்களுக்கு வீடு மட்டும் இனிக்குமா? அவன் இன்னும் கிளம்பவில்லை, கிளம்பப் போகிறான். பிரிதலின் நிமித்தம். பாலை. சரியா?

ஓலைநறுக்கு | 12-07-2024, இரவு 10.40

சரி. பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. அந்தப் பெயரை முதலில் பார்த்துவிட்டு எழுதவில்லை என்று நம்புகிறேன்.

தேர்வுக்காரன் | 12-07-2024, இரவு 10.43

பெயரையும் பார்த்தேன். ஆனால் பிறகுதான்.

தேயிலைத்தோட்டம் | 13-07-2024, காலை 7.10

இப்போதுதான் முழு இழையும் படித்தேன். எனக்கு ஒரு கேள்வி. இங்கே விஷுவுக்குக் கொன்றைப் பூ வைத்துத்தான் கணி காண்போம். அது சித்திரை, நல்ல வெயில். உங்கள் பாட்டில் கொன்றை கார்காலத்தில் பூக்கிறது. எந்த மரம் அது?

புறவுப்பாதை | 13-07-2024, காலை 8.00

66-லேயே விடை இருக்கிறதே. வம்ப மாரியில் பூத்தது. கோடை மழையாக இருக்கும்.

ஓலைநறுக்கு | 13-07-2024, காலை 8.50

66-க்கு அது பொருந்தலாம். ஆனால் தோழி ஆறுதலுக்காக மழுப்புகிறாள் என்றும் படிக்கலாமே, உண்மையில் கார் வந்தேவிட்டது என்று. 21-இல் காடே கார் என்கிறது. முல்லைப் பாட்டு பலவற்றில் கொன்றை மழையோடுதான் வருகிறது. சரக்கொன்றையின் முக்கியப் பூப்பு வெயில் காலத்தில் என்பதும் உண்மை. இதற்கு என்னிடம் ஒட்டும்படியான விடை இல்லை.

வன்னியாள் | 13-07-2024, இரவு 7.55

எங்கட பக்கமும் சித்திரை வைகாசியிலதான் மரம் முழுக்க மஞ்சள். ஆனால் பிறகு மழை விழுந்தால் சில மரத்தில ரெண்டு மூண்டு கொப்பு மட்டும் திரும்பப் பூக்கும். உங்கட தோழி பாத்தது அந்த மரமாக்கும்.